எக்ஸ்ரேயில் எலும்பு நல்லா இருக்கு, பிறகு ஏன் ஒப்பரேஷன்?

"எங்கள் நாய்க்கு ஆறு வயது, 34 கிலோ, லெப்ரடோர் கலப்பு. ஒரு மாதமாகப் பின்னங்கால் நொண்டுகிறது. டொக்டர் முதல் நாள் முழங்காலை அசைத்துப் பார்த்து ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த தடவை மயக்கம் கொடுத்துப் பார்த்து, லிகமென்ட் அறுந்துவிட்டது என்கிறார். எக்ஸ்ரேயில் எலும்பு நல்லாத்தான் இருக்காம். நைலோன் கட்டு, எலும்பை வெட்டித் தகடு வைப்பது என்று இரண்டு வழி சொன்னார். எலும்பின் சரிவு 27 பாகையாம். எதை நம்புவது, எதைச் செய்வது?" - ஹட்டனிலிருந்து ஒரு வாசகர்

இரண்டாம் தடவை பார்த்ததை நம்புங்கள். வலியும் பயமும் உள்ள ஒரு பெரிய நாய் தொடைத் தசையை இறுக்கிக்கொண்டால், அறுந்த முழங்காலும் கையில் அசையாது. முதல் நாள் உங்கள் டொக்டருக்கு ஒன்றும் அகப்படாமல் போனதற்கு அதுவே காரணமாக இருக்கும்.

அவர் செய்தது லாச்சிச் சோதனை. மேசை லாச்சியை இழுப்பதுபோல் காலெலும்பு முன்னால் வருகிறதா என்று பார்ப்பதால் அந்தப் பெயர். நாயை ஒருக்களித்துப் படுக்க வைத்து, ஒரு கையால் முழங்கால் சில்லையும் தொடை எலும்பின் பின்பக்கத்தையும் பிடிக்க வேண்டும். மற்றக் கையின் சுட்டுவிரல் காலெலும்பின் முன் முகட்டில், பெருவிரல் அதன் வெளிப்புறச் சிற்றெலும்புத் தலைக்குப் பின்னால். தொடை எலும்பை அசையவிடாமல், காலெலும்பைத் திருகாமல் முன்னே தள்ளிப் பார்க்க வேண்டும். திருகினால் நல்ல காலும் அசைவதுபோல ஏமாற்றும்.

இதைக் காலை நீட்டியும் பார்க்க வேண்டும், மடக்கியும் பார்க்க வேண்டும். தொடை எலும்பையும் காலெலும்பையும் சேர்த்துப் பிடித்திருக்கும் அந்த லிகமென்டில் இரண்டு பட்டை உண்டு. முன்பட்டை எப்போதும் இறுக்கமாக இருக்கும்; பின்பட்டை கால் நீண்டிருக்கும்போது மட்டும் இறுகும். முன்பட்டை மட்டும் அறுந்திருந்தால், நீட்டிய காலில் அசைவே இருக்காது, மடக்கினால் தெரியும். அரைகுறையாக அறுந்த நாய்களை "சுளுக்கு" என்று வீட்டுக்கு அனுப்பிவிடுவது இங்கேதான் நடக்கிறது. மாதக்கணக்கில் விட்டுவைத்த முழங்காலிலும் சுற்றிலும் தழும்பு தடித்து அசைவைக் குறைத்துவிடும். அப்போது முழங்காலின் உட்புறம் கெட்டியான தடிப்பு கைக்குத் தட்டுப்படும்.

எக்ஸ்ரேயில் லிகமென்ட் தெரியாது. அது அறுந்ததன் அடையாளங்கள்தான் தெரியும். சில்லுக்குக் கீழே, மூட்டின் முன்பக்கம் ஒரு கொழுப்புத் திண்டு கறுப்பு முக்கோணமாக விழும். மூட்டில் நீர் கோர்த்தால் அந்த முக்கோணம் முன்னுக்குத் தள்ளப்பட்டுச் சுருங்கிப்போகும். மூட்டின் பின்பக்கமும் வீங்கித் தெரியும். ஒரு மாதம் நொண்டிய நாயில் சில்லின் கீழ் நுனியிலும் தொடை எலும்பின் ஓரத்திலும் சிறு எலும்பு முளைகள் தொடங்கியிருக்கலாம். முறிவோ எலும்புப் புற்றோ இல்லை என்று உறுதி செய்வதும் அதே படம்தான். ஆக, "எலும்பு நல்லா இருக்கு" என்பதற்கு முழங்கால் நல்லா இருக்கு என்று அர்த்தமில்லை.

சரி, எந்த ஒப்பரேஷன்? நாயின் காலெலும்பின் மேற்பரப்பு பின்னோக்கிச் சரிந்தது. மேட்டு ரோட்டில் நிறுத்திய கொழுந்து லொறியைக் கயிறு போட்டுப் பிடித்திருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். லொறிதான் தொடை எலும்பு, கயிறு லிகமென்ட். நைலோன் கட்டு என்பது மூட்டுக்கு வெளியே புதுக் கயிறு போடுவது. நூல் நாளடைவில் தளரும், சிலவேளை அறும். அதற்குள் சுற்றியுள்ள தழும்பு தடித்து மூட்டைப் பிடித்துக்கொள்ள வேண்டும். 10, 12 கிலோ நாய்க்கு இது பெரும்பாலும் போதும். 34 கிலோவுக்கு அந்தக் கயிற்றை நான் நம்பமாட்டேன்.

தகடு வைக்கும் முறையில் ரோட்டையே சமப்படுத்துகிறார்கள். TPLO என்பார்கள். காலெலும்பின் மேல்பகுதியை வளைந்த வாளால் அறுத்து, சரிவு சுமார் 5 பாகைக்கு வரும்வரை சுழற்றி, தகடும் ஸ்குரூவும் போட்டு இறுக்குவார்கள். உங்கள் நாய்க்கு 27-இலிருந்து 5, அதாவது 22 பாகை சுழற்ற வேண்டும். 24 மில்லிமீட்டர் ஆரையுள்ள வாள் என்றால் எலும்பு 9 மில்லிமீட்டர் அளவு நகரும். லாச்சிச் சோதனை செய்தால் பிறகும் கால் அசையும், ஆனால் எடை வைக்கும்போது சறுக்காது. பெரிய நாய்கள் இதில் சீக்கிரம் காலூன்றுகின்றன, நடையும் மேலாக இருக்கிறது. TTA என்று காலெலும்பின் முன்முகட்டை முன்னே தள்ளி வைக்கும் இன்னொரு முறையும் உண்டு. சரிவு அதிகமான கால்களுக்கு அது அவ்வளவு தோதில்லை.

ஆனால் தகட்டு வேலையில் தவறு நடந்தால் அதுவும் பெரிதாகவே நடக்கும்: கிருமித்தொற்று, ஸ்குரூ தளர்வது, முகடு உடைவது. அதனால் இதைப் பழகிய கையா என்று கேளுங்கள். எக்ஸ்ரேயில் கணுக்கால் மூட்டும் சேர்ந்து விழுந்திருக்கிறதா, முழங்காலும் கணுக்காலும் 90 பாகையில் மடங்கியிருந்தனவா என்றும் பாருங்கள். இல்லையென்றால் அந்த 27-ஐ நம்பமுடியாது, படத்தைத் திரும்ப எடுக்க வேண்டும். எந்த முறையானாலும் மூட்டைத் திறந்து உள்ளிருக்கும் குருத்தெலும்புத் தட்டைப் பார்க்கச் சொல்லுங்கள். நடக்கும்போது "க்ளிக்" சத்தம் கேட்டிருந்தால் கட்டாயம். கிழிந்த தட்டை விட்டுவைத்தால் ஒப்பரேஷனுக்குப் பிறகும் நொண்டும்.

வெட்டிய எலும்பு ஒன்றுசேர எட்டுக் கிழமை ஆகும். அதுவரை லயத்துப் படிக்கட்டும் தேயிலை மலைச் சரிவும் வேண்டாம், கயிற்றில் பிடித்து சமதரையில் மட்டும் நடக்கவிடுங்கள். எட்டாவது கிழமை எக்ஸ்ரே பார்த்தபிறகுதான் அவிழ்த்துவிடலாம். அப்புறம் மற்றக் காலையும் கவனித்துக்கொள்ளுங்கள். ஒரு காலில் அறுந்த நாய்களில் பத்துக்கு மூன்று முதல் ஐந்து நாய்களுக்கு, பின்னர் அடுத்த காலிலும் அறுகிறது. 34-ஐ 30-க்குக் கொண்டுவருவதை இன்றைக்கே தொடங்கலாம், சோற்றுப் பாத்திரத்திலிருந்து.