மாத்திரை, நடை, இட்லி: எது முதலில்?

கேள்வி: எனக்கு 2 வருடமாக சுகர். மாத்திரை மட்டும்தான், இன்சுலின் கிடையாது. காலையில் வெறும் வயிற்றில் வாக்கிங் போகலாமா, சாப்பிட்டுவிட்டுப் போக வேண்டுமா? லோ சுகர் ஆகிவிடுமா?

முதலில் உங்கள் மாத்திரை அட்டையைத் திருப்பி, உள்ளே என்ன மருந்து என்று பாருங்கள். மெட்ஃபார்மின் மட்டும் என்றால் நடந்ததால் சுகர் அபாயமாக இறங்குவது மிக அரிது. வெறும் வயிற்றில் போகலாம். கிளிமிபிரைடு, கிளிக்ளாசைடு, கிளிபென்கிளமைடு இவற்றில் ஒன்று இருந்தால் விஷயமே வேறு. இவை கணையத்தை இன்சுலின் சுரக்க வைப்பவை. நீங்கள் சாப்பிட்டீர்களா இல்லையா என்று பார்த்துச் சுரக்க வைப்பதில்லை.

இது தெரியாமல்தான் நான் மாட்டிக்கொண்டேன். எனக்குக் கிளிமிபிரைடு, மெட்ஃபார்மின், வோக்லிபோஸ் மூன்றும் சேர்ந்த ஒரே மாத்திரை. வேலையில் இருந்தவரை ஏழு மணிக்கு மாத்திரை, உடனே இட்லி, சாயங்காலம் நடை. ஓய்வு பெற்றதும் நடையைக் காலைக்கு மாற்றினேன். "சாப்பாட்டுக்கு முன்" என்றுதானே எழுதியிருக்கிறது என்று ஆறு மணிக்கே மாத்திரையைப் போட்டுக்கொண்டு கிளம்பினேன். அன்று வெறும் வயிற்றில் சுகர் 104. ஒரு மணி நேரம் நடந்துவிட்டு அப்படியே உழவர் சந்தைக்குப் போனேன். எட்டேகாலுக்குச் சட்டை நனைகிற அளவு வியர்வை. கத்தரிக்காய்க்கு எவ்வளவு கொடுக்க வேண்டும் என்று கணக்கே வரவில்லை. படபடப்போ கை நடுக்கமோ இல்லாததால் வெயில்தான் காரணம் என்று நினைத்தேன். நான் பிரஷருக்கு எடுக்கும் பீட்டா பிளாக்கர் அந்த இரண்டையும் மறைத்துவிடும், வியர்வையை மட்டும் மறைக்காது என்று பிறகுதான் தெரிந்தது.

காய்க்கார அம்மா என்னை உட்கார வைத்து, சர்க்கரை கூடுதலாகப் போட்டு டீ வாங்கிக் கொடுத்தார். இருபது நிமிடம் ஆகியும் தெளியவில்லை. ஆட்டோவில் வீட்டுக்கு வந்து பார்த்தால் 56. என் மனைவி டாக்டருக்குப் போன் செய்தார். அவர் சொன்னது இதுதான்: வோக்லிபோஸ் சர்க்கரையையும் மாவுச்சத்தையும் குடலில் உடைய விடாது, அதனால் சர்க்கரையோ பிஸ்கட்டோ சீக்கிரம் ஏறாது, குளுக்கோஸ்தான் கொடுக்க வேண்டும். சாதா குளுக்கோஸ் பொடி 15 கிராம், சுமார் நாலு டீஸ்பூன், தண்ணீரில் கலக்கிக் குடித்தேன். கால் மணி நேரத்தில் 88. அப்புறம் இட்லி. அத்தோடு முடியவில்லை, மதியம் 12 மணிக்கு மறுபடியும் 68. கிளிமிபிரைடு நாள் முழுக்க வேலை செய்யும், இரவு வரை பார்த்துக்கொண்டே இருங்கள் என்று அவர் சொல்லியிருந்ததால் தப்பித்தேன்.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் போக முடியவில்லை. பத்து மாத்திரை கேட்டால் மருந்துக்கடையில் அட்டையை வெட்டித் தருகிறார்கள். மருந்தின் பெயர் அச்சடித்த பாதி கடையிலேயே தங்கிவிடுகிறது. என் கையில் இருந்ததில் காலாவதி தேதிகூட இல்லை. கேட்டால் "அதே மாத்திரைதான் சார்" என்கிறார்கள். உள்ளே வோக்லிபோஸ் இருப்பது எனக்கு எப்படித் தெரியும்? இப்போதெல்லாம் முழு அட்டையாகத்தான் வாங்குகிறேன்.

டாக்டர் எனக்கு மாற்றிக் கொடுத்த ஒழுங்கு இது. ஆறு மணிக்கு மீட்டரில் பார்க்க வேண்டும். 90-க்குக் கீழே இருந்தால் ஏதாவது சாப்பிட்டு, அரை மணி கழித்துக் கிளம்ப வேண்டும். இல்லாவிட்டால் வெறும் வயிற்றிலேயே நடை, 40 நிமிடம். வீட்டுக்கு வந்து தட்டில் இட்லி வைத்த பிறகுதான் மாத்திரை. மாத்திரைக்கும் முதல் வாய்க்கும் நடுவில் வேறு வேலை கூடாது. மாத்திரை போட்ட பின் இரண்டு மூன்று மணி நேரத்தில் அதன் வேகம் உச்சத்தில் இருக்கும் என்பதால், தோட்ட வேலை, மாடி சுத்தம் செய்வதை எல்லாம் மதியச் சாப்பாட்டுக்குப் பின்னால் தள்ளிவிட்டேன். சட்டைப் பையில் குளுக்கோஸ் பொட்டலம். சுவை சேர்த்த பொடியில் சர்க்கரை கலந்திருக்கலாம் என்பதால் சாதாப் பொடிதான்.

"அதனால்தான் ஆங்கில மாத்திரையே வேண்டாம் என்கிறோம்" என்று யாராவது கீழே எழுதுவார்கள். என் மூன்று மாத சராசரி 9.1-இலிருந்து 7-க்கு வந்தது இந்த மாத்திரையால்தான். மாத்திரையில் தப்பில்லை, நான் போட்ட நேரம் தப்பு. இன்னொருவர், "எனக்கு அப்படி ஆனதே இல்லையே" என்பார். அவருடையது மெட்ஃபார்மினாக இருக்கும்.

நீங்களாக நேரத்தை மாற்ற வேண்டாம், நான் டாக்டர் இல்லை. அட்டையை எடுத்துக்கொண்டு போய், "நான் ஆறு மணிக்கு நடக்கிறேன், எட்டரைக்குத்தான் சாப்பிடுகிறேன்" என்று உங்கள் டாக்டரிடம் சொல்லுங்கள். ரத்தப் பரிசோதனையில் கிரியாட்டினின் கூடுதலாக இருந்தால் அதையும் சொல்லுங்கள், சில மாத்திரைகள் அப்போது உடம்பில் இன்னும் அதிக நேரம் தங்கும்.