கோஹார்ட், கேஸ்-கண்ட்ரோல், கிராஸ்-செக்‌ஷனல்: ஒரே அட்டவணையில்

"கம்யூனிட்டி மெடிசின் வகுப்பில் மூன்று ஆய்வு வகைகளும் குழப்பமாக இருக்கின்றன. உதாரணம், பயஸ் சேர்த்து ஒரே டேபிளாகத் தர முடியுமா?"

மூன்றுக்கும் ஒரே கேள்வியை எடுத்துக்கொள்வோம்: புகையிலை மெல்வதும் வாய்ப்புற்றும்.

| வகை | உதாரணம் | கிடைப்பது | பயஸ் |
|---|---|---|---|
| கோஹார்ட் | மேலூர்ப் பக்கம் புற்று இல்லாதவர்களில் மெல்பவர், மெல்லாதவர் இருவரையும் 10 வருடம் தொடர்வது | ரிலேட்டிவ் ரிஸ்க் | திருப்பூருக்கு வேலைக்குப் போய்க் காணாமல் போகிறவர்கள் |
| கேஸ்-கண்ட்ரோல் | மதுரையில் புற்று உள்ளவர், இல்லாதவரிடம் பழைய பழக்கத்தைக் கேட்பது | ஆட்ஸ் ரேஷியோ | ரிகால், கண்ட்ரோல் தேர்வு |
| கிராஸ்-செக்‌ஷனல் | உசிலம்பட்டி முகாமில் ஒரே நாளில் பழக்கம் கேட்டு, வாயில் வெள்ளைத் திட்டும் பார்ப்பது | பிரிவலன்ஸ் | எது முதலில் வந்தது என்று தெரியாது |

பரீட்சையில் பலர் கோட்டைவிடுவது நடு வரிசையில்தான். கணக்குக்காக 100 கேஸில் 60 பேர், 100 கண்ட்ரோலில் 20 பேர் மெல்கிறார்கள் என்று வையுங்கள், ஆட்ஸ் ரேஷியோ (60×80)/(40×20) = 6. இப்போது அலைச்சல் வேண்டாமென்று கண்ட்ரோல்களைப் பல் ஓ.பி.யிலேயே பிடித்தால், ஈறு கெட்டு அங்கே வருகிறவர்களில் மெல்பவர்கள் ஏற்கெனவே அதிகம், அது 40 ஆகிவிட்டால் (60×60)/(40×40) = 2.25தான். நோய் அதேதான், புகையிலையும் அதேதான், ஆள் பிடித்த இடம்தான் மாறியது!

ரிகால் பயஸ் பெரும்பாலும் எதிர்ப்பக்கம் இழுக்கும். புற்று வந்தவர் "எதனால வந்துச்சு" என்று யோசித்து யோசித்து இருபது வருடப் பழக்கத்தையும் சொல்லிவிடுவார், நன்றாக இருப்பவர் "எப்பவாவது போடுவேன்" என்பார். கேள்வி கேட்பவரும் கேஸ் என்று தெரிந்தால் கூடுதலாகத் துருவிக் கேட்பார், அது இன்டர்வியூவர் பயஸ். அதைத் தடுக்க அவருக்கு யார் கேஸ் என்று தெரியாமல் பார்த்துக்கொள்வார்கள், ஆனால் வாயைப் பார்த்தாலே தெரிந்துவிடும் நோயில் அது பாதிதான் நடக்கும்.