கல்யாண ஆல்பத்தில் மாப்பிள்ளைக்கு எந்தச் சொல்?

"கொழிஞ்சாம்பாறையில் ஸ்டூடியோ வைத்திருக்கிறேன். ஆல்பத்துக்கு இங்கிலீஷில் வரி எழுதுகிறோம். மாப்பிள்ளை படத்துக்கு ப்ரிட்டி என்று போட்டதில் அவர் முகம் சுளித்துவிட்டார். எதை யாருக்குப் போடுவது?"

மாப்பிள்ளைக்கு ஹேண்ட்சம் போடுங்கள், பிரச்சினையே வராது. ப்ரிட்டி என்றால் நளினமான, சின்ன அழகு. பூ வைத்த சிறுமிக்கும் கொலுசுக்கும் பொருந்தும். ஆணுக்குச் சொன்னால் பெண்சாயல் இருக்கிறது என்று படும், அவர் சுளித்தது அதனால்தான்.

ஹேண்ட்சம் ஆணுக்கு மட்டும் என்றும் இல்லை. கம்பீரமான வயதான பெண்ணைக்கூட அப்படிச் சொல்வார்கள். பழைய தேக்கு வீட்டுக்கும் சொல்லலாம். ஆனால் மணப்பெண்ணுக்கு வேண்டாம், முகம் முரட்டுத்தனமாக இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளக்கூடும்.

மணப்பெண்ணுக்கு பியூட்டிஃபுல்தான் சரி. இடம், பொருள், பாட்டு எல்லாவற்றுக்கும் அது ஒத்துவரும். பட்டும் நகையும் ஜொலிக்கிற படத்துக்கு கார்ஜியஸ் போடலாம், அதில் கொஞ்சம் பேச்சுவாடை உண்டு. நெல்லியாம்பதி சீதார்குண்டில் நின்று கீழே பாலக்காட்டுச் சமவெளியைப் பார்த்து எடுத்த படம் இருந்தால் அதற்கு ஸ்டன்னிங். பார்த்ததும் அசந்து நிற்க வைப்பதற்கான சொல் அது, ஆண் பெண் இருவருக்கும் ஆகும். ஆனால் ஆல்பம் முழுக்கப் போட்டால் பலம் போய்விடும்.

அப்புறம், நம்மவர்கள் வழக்கமாக வழுக்கும் இடம் ஒன்று. கார்ஜியஸ், ஸ்டன்னிங் இரண்டுக்கும் முன்னால் வெரி சேர்க்காதீர்கள். 'மிக' என்பது அவற்றுக்குள்ளேயே இருக்கிறது. அழுத்தம் வேண்டுமென்றால் அப்சொல்யூட்லி போடுங்கள். வெரி பியூட்டிஃபுல், வெரி ஹேண்ட்சம் என்று தாராளமாக எழுதலாம்.