மலர்விழிக்கு எது கடைசிப் பெயர்?

அன்புள்ள ஐயாவுக்கு,

என் மகள் மலர்விழி எம்.எஸ். படிக்க அமெரிக்கா போகிறாள். மார்க் ஷீட்டில் எல்லாம் MALARVIZHI M என்றுதான் இருக்கிறது. பாஸ்போர்ட் எடுத்தபோது இனிஷியலை விரித்து எழுதச் சொன்னார்கள். Given Name கட்டத்தில் MALARVIZHI MURUGESAN என்று எழுதி, Surname கட்டத்தைக் காலியாக விட்டோம். இப்போது மாணவர் விசாவுக்காகப் பல்கலைக்கழகம் அனுப்பிய ஐ-20 படிவத்தில் முழுப் பெயரும் Surname இடத்தில் இருக்கிறது, Given Name இடத்தில் FNU என்று இருக்கிறது. விசாவுக்கு இன்னும் விண்ணப்பிக்கவில்லை. எங்கள் ஊர் ஏஜென்ட், "சாதிப் பேரை Surname-ஆ சேர்த்துடுங்க சார், பிரச்சினையே இருக்காது" என்கிறார். எங்கள் குடும்பத்தில் யாரும் அதைப் போட்டுக்கொண்டதில்லை. இப்படியே போகலாமா, மாற்ற வேண்டுமா?

முருகேசன்
(பெயர்களை மாற்றியிருக்கிறேன்)

அன்புள்ள முருகேசன்,

மாற்றிவிடுங்கள். விசா விண்ணப்பத்தைத் தொடுவதற்கு முன்னாலேயே மாற்றிவிடுங்கள். Surname கட்டத்தில் உங்கள் பெயர் MURUGESAN, Given Name கட்டத்தில் மகளின் பெயர் MALARVIZHI. சாதிப் பெயர் எங்கும் வேண்டாம்.

FNU என்றால் 'முதல் பெயர் தெரியவில்லை' என்று பொருள். அமெரிக்கக் குடிவரவு முறையில் Surname இல்லாமல் ஒருவரைப் பதிவு செய்ய முடியாது. பாஸ்போர்ட்டில் அந்தக் கட்டம் காலியாக இருந்தால், Given Name-இல் உள்ளதை அப்படியே தூக்கி Surname-இல் வைப்பார்கள். அதனால் காலியாகும் முதல் பெயர்க் கட்டத்தில் FNU வந்து உட்காரும். டிஎஸ்-160 விசா விண்ணப்பத்திலும் இதே விதிதான். இப்போது விண்ணப்பித்தால் விசாவிலும் அப்படியே அச்சாகும்.

விசா கிடைப்பதற்கு FNU ஒரு தடை கிடையாது. ஆயிரக்கணக்கான தமிழ்ப் பிள்ளைகள் அதோடுதான் போயிருக்கிறார்கள். தொல்லை அங்கே போய் இறங்கியபிறகுதான் தொடங்கும். என் தங்கை மகனின் பாஸ்போர்ட்டும் உங்கள் மகளுடையதைப் போலத்தான் இருந்தது. அவனுடைய ஓட்டுநர் உரிமத்தில் FNU முதல் பெயராக ஏறியது. வங்கியில் பெயரை இரண்டாக உடைத்துச் சரியாகப் போட்டார்கள். வேலைக்குச் சேர்ந்த இடத்தில் மூன்றாவது மாதிரி. ஒருமுறை ஒரு மருத்துவமனையில் செவிலியர் "ஃப்னூ, ஃப்னூ" என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்திருக்கிறார், தன்னைத்தான் கூப்பிடுகிறார் என்று அவனுக்குத் தெரியவில்லை. இரண்டு ஆவணங்களை ஒப்பிட்டுப் பார்க்கும் இடங்களிலெல்லாம் அவன் நின்று விளக்க வேண்டியிருந்தது. கடைசியில் தூதரகம் வழியாகப் பாஸ்போர்ட்டை மாற்றி, அப்புறம் ஒவ்வொரு அலுவலகமாகப் போய்த் திருத்தினான். எல்லாம் முடிய ஒரு வருஷத்துக்கு மேல் ஆனது. இங்கிருந்தே ஒரு படிவத்தில் முடித்திருக்கக்கூடிய வேலை அது.

ஏஜென்ட் சொன்ன யோசனையைப் பற்றிச் சொல்லாமல் போக எனக்கு மனமில்லை. நம் பெயர்களில் கடைசிப் பெயர் இல்லாததற்கு ஒரு வரலாறு இருக்கிறது. 1929 பிப்ரவரியில் செங்கல்பட்டில் நடந்த முதல் சுயமரியாதை மாநாட்டில், பெயருக்குப் பின்னால் வரும் சாதிப் பட்டத்தை விட்டுவிட வேண்டும் என்று தீர்மானம் போட்டார்கள். அதற்குப் பிறகு தமிழ்நாட்டில் லட்சக்கணக்கான குடும்பங்கள் அதைச் செய்தே காட்டின. பெயரைக் கேட்டால் சாதி தெரியாத நிலையை நம் பாட்டன்மார்கள் உண்டாக்கி வைத்துவிட்டுப் போனார்கள். அமெரிக்கப் படிவம் கேட்பது கடைசிக் கட்டத்தில் ஒரு சொல், அவ்வளவுதான். அது குலப் பெயரா, அப்பா பெயரா, ஊர்ப் பெயரா என்று அங்கே யாரும் ஆராய்வதில்லை. அந்தக் கட்டத்துக்காக மூன்று தலைமுறையாக விட்டொழித்ததை உங்கள் மகள் மேல் மறுபடி ஏற்ற வேண்டாம். நடைமுறையிலும் அது சரிவராது. அவளுடைய பிறப்புச் சான்றிதழிலும் மார்க் ஷீட்டிலும் இல்லாத ஒரு புதுச் சொல்லைச் சேர்ப்பது முழுப் பெயர்மாற்றம் ஆகிவிடும். முருகேசன் என்ற சொல்லோ ஏற்கெனவே பாஸ்போர்ட்டில் இருக்கிறது, ஒரு கட்டத்திலிருந்து இன்னொரு கட்டத்துக்கு நகர்கிறது.

"அப்படியானால் என் மகளை மிஸ் முருகேசன் என்று கூப்பிடுவார்களே" என்று நீங்கள் நினைக்கலாம். கூப்பிடுவார்கள். அதனால் சிலர் தலைகீழாகச் செய்கிறார்கள்: அப்பா பெயரை Given Name-இலும் சொந்தப் பெயரை Surname-இலும் போடுகிறார்கள். நம் வழக்கப்படி 'மு. மலர்விழி'யை விரித்தால் 'முருகேசன் மலர்விழி' என்றுதானே வரும், அந்த வரிசை அப்படியே நிற்கும். பழைய தலைமுறையில் பலருக்கு இப்படித்தான் அமைந்தது. வானியற்பியலாளர் சுப்ரமணியன் சந்திரசேகருக்குச் சுப்ரமணியன் என்பது அப்பா பெயர். அவர் கண்ட வரம்பை உலகம் 'சந்திரசேகர் வரம்பு' என்று அவருடைய சொந்தப் பெயராலேயே அழைக்கிறது. அறிவியல் கட்டுரைகளில் கடைசிப் பெயர்தான் நிற்கும் என்பதால், அந்த வகையில் இது நல்ல ஏற்பாடு.

ஆனால் இதன் மறுபக்கத்தை விஸ்வநாதன் ஆனந்திடம் பார்க்கலாம். விஸ்வநாதன் அவருடைய அப்பா பெயர். சதுரங்க உலகம் அதையே முதல் பெயராக எடுத்துச் சுருக்கி, அவரை 'விஷி' என்று செல்லமாகக் கூப்பிடுகிறது. அமெரிக்காவில் வகுப்பிலும் விடுதியிலும் வேலையிடத்திலும் பேராசிரியர் வரை எல்லோரும் முதல் பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். தலைகீழாகப் போட்டால் உங்கள் மகளை நாள் முழுக்க "முருகேசன்" என்று அழைப்பார்கள். எனக்கு மகள் தன் பெயரால் அழைக்கப்படுவதுதான் முக்கியமாகப் படுகிறது. மிஸ் முருகேசன் என்பது கடிதத் தலைப்பில் வரும், மலர்விழி என்பது காலையிலிருந்து இரவு வரை வரும். அதனால்தான் அப்பா பெயரை Surname-இல் வைக்கச் சொல்கிறேன். உங்கள் வீட்டில் எல்லோருக்கும் சம்மதமென்றால் அம்மாவின் பெயரை வைப்பதிலும் எனக்கு மறுப்பில்லை. ஆனால் மார்க் ஷீட்டில் இருக்கும் M-க்கு அது பொருந்த வேண்டும், இல்லாவிட்டால் வேலை கூடும்.

இனி செய்ய வேண்டியது. பாஸ்போர்ட் சேவா தளத்தில் Re-issue of Passport என்பதைத் தேர்ந்தெடுத்து, காரணமாக Change in Existing Personal Particulars என்பதைக் குறியுங்கள். அதே தளத்தில் Document Advisor என்று ஒரு பகுதி இருக்கிறது. உங்கள் நிலைமையைக் கொடுத்தால் எந்தெந்த ஆவணம் கொண்டுபோக வேண்டும் என்று அதுவே பட்டியல் தரும். பிறப்புச் சான்றிதழை மறக்காமல் எடுத்துக்கொள்ளுங்கள், அதில்தான் மகளின் பெயரும் உங்கள் பெயரும் தனித்தனியாக முழுசாக இருக்கும்.

விண்ணப்பிக்கும் முன் எழுத்துக்கூட்டலைப் பாருங்கள். நிறையப் பேர் சறுக்குவது இங்கேதான். உங்கள் ஆதாரில் MURUGESAN என்றும் மகளின் பிறப்புச் சான்றிதழில் MURUKESAN என்றும் இருந்தால், முதலில் எதைத் திருத்துவது என்று முடிவு செய்துவிட்டு அப்புறம் பாஸ்போர்ட்டுக்குப் போங்கள். மலர்விழியை ஒரே சொல்லாக எழுதுங்கள். நடுவில் இடைவெளி விட்டால் 'விழி' நடுப்பெயராகிவிடும், அங்கே எல்லோரும் 'மலர்' என்று மட்டுமே கூப்பிடுவார்கள். செந்தில்குமார்கள் பலர் இப்படித்தான் மிஸ்டர் குமார் ஆனார்கள். பெயரின் பின்பாதி Surname ஆகி, அப்பா பெயர் காணாமலே போயிருக்கும்.

மறுவெளியீட்டில் பாஸ்போர்ட் எண்ணும் மாறும். டிஎஸ்-160 விண்ணப்பத்தை இப்போது தொட வேண்டாம் என்று நான் சொல்வதற்கு அது இன்னொரு காரணம். புதுப் பாஸ்போர்ட் வந்ததும் அதன் நகலைப் பல்கலைக்கழகத்தின் சர்வதேச மாணவர் அலுவலகத்துக்கு அனுப்பி, பெயரைத் திருத்திய ஐ-20 கேளுங்கள். அவர்களுக்கு இது வழக்கமான வேலை. ஐ-20இல் N என்று தொடங்கும் செவிஸ் எண், அதாவது அமெரிக்க அரசின் மாணவர் பதிவு எண், மாறாது. செவிஸ் கட்டணம் ஏற்கெனவே கட்டியிருந்தாலும் அந்த எண்ணோடுதான் இருக்கும், வீணாகாது. நாள் குறைவாக இருந்தால் தட்கலில் விண்ணப்பிக்க முடியுமா என்றும் பாருங்கள்.

மார்க் ஷீட்டுகளை மாற்ற அலைய வேண்டாம். MALARVIZHI M என்று இருப்பவரும் MALARVIZHI MURUGESAN என்று இருப்பவரும் ஒருவரே என்று நோட்டரி முன்னால் ஒரு அபிடவிட் எடுத்து, இரண்டு மூன்று பிரதிகள் கையில் கொடுத்தனுப்புங்கள். தமிழ்நாட்டு மாணவர்களின் இனிஷியல் பல பல்கலைக்கழகங்களுக்குப் பழக்கமானதுதான். கேட்டால் காட்டினால் போதும்.

உங்கள் மனைவிக்கும் பாஸ்போர்ட் எடுக்கும்போது Surname-ஐக் காலியாக விடாதீர்கள். அவருடைய அப்பா பெயரோ உங்கள் பெயரோ, அவர் விரும்புவதைப் போடலாம். ஒரே குடும்பத்தில் ஆளுக்கொரு கடைசிப் பெயர் இருப்பதால் விசா மறுக்கப்படாது. ஒற்றைச் சொல் பெயரால் வரும் சங்கடம் அமெரிக்காவோடு நிற்பதுமில்லை. 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம், பாஸ்போர்ட்டில் ஒரே ஒரு சொல் மட்டும் பெயராக இருக்கும் பயணிகளைச் சுற்றுலா விசாவில் அனுமதிக்க முடியாது என்று அறிவித்தது. பிறகு, பாஸ்போர்ட்டின் இன்னொரு பக்கத்தில் அப்பா பெயர் இருந்தால் போதும் என்று தளர்த்தினார்கள். அந்த இடைவெளியில் டிக்கெட் எடுத்திருந்தவர்கள் தவித்துப் போனார்கள்.

புதுப் பாஸ்போர்ட் கைக்கு வந்ததும் புகைப்படப் பக்கத்தின் அடியில் இருக்கும் இரண்டு வரிகளைப் பாருங்கள். விமான நிலையத்து இயந்திரம் படிப்பது அதைத்தான். முதல் வரி இப்படி இருக்க வேண்டும்:

```
P<INDMURUGESAN<<MALARVIZHI<<<<<<<<<<<<<<<<<<
```

IND-க்கு அடுத்து வருவது Surname. இரண்டு < குறிகள் சேர்ந்து வரும் இடம்தான் Surname முடிந்து Given Name தொடங்கும் இடம். உங்கள் பெயருக்கும் மகள் பெயருக்கும் நடுவில் ஒரே ஒரு < மட்டும் இருந்தால் இரண்டும் இன்னும் ஒரே கட்டத்திலேயே கிடக்கின்றன என்று அர்த்தம், உடனே பாஸ்போர்ட் அலுவலகத்தில் சொல்லிவிடுங்கள். சரியாக இருந்தால் மகளையே உட்காரவைத்து டிஎஸ்-160ஐ நிரப்பச் சொல்லுங்கள், ஒவ்வொரு எழுத்தையும் அந்த வரியைப் பார்த்தே தட்டட்டும்.

அன்புடன்.