பக்கத்து டீம் இன்டர்வியூவுக்குக் கூப்பிடுகிறது, மேனேஜரிடம் எப்படிக் கேட்பது?

கேள்வி: சென்னையில் ஒரு ஐ.டி. நிறுவனத்தில் 6 வருடமாக ஜாவா டெவலப்பராக இருக்கிறேன். வேறொரு டீமுக்கு அடுத்த வாரம் வியாழக்கிழமை ஆள் எடுக்கிறார்கள். இன்டர்வியூ பேனலில் உட்கார என்னைக் கூப்பிடுகிறார்கள். எங்கள் ரிலீஸ் அதற்கடுத்த திங்கட்கிழமை. மேனேஜரிடம் எப்படிக் கேட்பது? வேலையில்லாமல் இருக்கிறேன் என்றோ, அந்த டீமுக்குத் தாவப் பார்க்கிறேன் என்றோ நினைப்பாரோ?
- பெயர் வேண்டாம், சென்னை

பதில்: மேனேஜரிடம் போவதற்கு முன்னால், உங்களுக்கு எத்தனை பேரை ஒதுக்கப்போகிறார்கள், எத்தனை மணியிலிருந்து எத்தனை மணிவரை என்பதை அந்த டீமிடம் கேட்டு வாங்கிவிடுங்கள். அதுவரை அவர்களிடம் "வருகிறேன்" என்று சொல்லாதீர்கள். "ஒரு நாள் போய்வரட்டுமா?" என்று மொட்டையாகக் கேட்டால் "பார்க்கலாம்" என்றுதான் பதில் வரும். புதன்கிழமை சாயங்காலம் வரை அது அப்படியே கிடக்கும்.

ஒரு இன்டர்வியூ 45 நிமிடம் என்பார்கள். முடிந்த கையோடு மதிப்பீட்டுப் படிவம் எழுத இன்னொரு 15 நிமிடம் வேண்டும். அதைச் சாயங்காலத்துக்குத் தள்ளினால் இரண்டாவது ஆள் சொன்ன பதில் மூன்றாவது ஆளின் படிவத்தில் போய் உட்கார்ந்துவிடும். ஆகவே ஆளுக்கு ஒரு மணி நேரம். 6 பேர் என்றால் 6 மணி நேரம், காலையில் பேனலுக்கு விளக்கம் அரை மணி, கடைசியில் யாரை எடுப்பது என்று பேச அரை மணி. சாப்பாட்டு நேரத்தையும் சேர்த்தால் அன்றைய பொழுது முழுதும் போயிற்று. ரிலீஸுக்கு முந்தைய வியாழனில் முழு நாள் கேட்பது சரியாக வராது. 3 பேர் கேளுங்கள். 9.30க்கு விளக்கம், 10 முதல் 1 வரை இன்டர்வியூ, மதியம் உங்கள் இடம். சாயங்காலப் பேச்சுக்கு உங்கள் படிவங்களே போதுமா என்பதையும் முன்னதாகவே கேட்டுக்கொள்ளுங்கள்.

பலர் கோட்டைவிடும் இடம் டைம்ஷீட். நீங்கள் கிளையன்ட்டுக்கு பில் ஆகும் ஆள் என்றால், இந்த மூன்றரை மணி நேரத்தைக் கிளையன்ட் கணக்கில் எழுதக் கூடாது. ஆள் எடுப்பதற்கென்று டைம்ஷீட்டில் உள்ள உள்கணக்கு எண் எது என்று அந்த டீமிடம் வாங்குங்கள். மேனேஜர் தயங்குவது பெரும்பாலும் உங்கள் மேலுள்ள சந்தேகத்தால் அல்ல, மாதக் கடைசியில் குறையும் அந்த மணிகளுக்கு அவர்தான் பதில் சொல்ல வேண்டும் என்பதால். இதே வேலை சனிக்கிழமை வந்தால், காம்ப்-ஆஃப் உண்டா என்பதையும் போவதற்கு முன்பே எழுத்தில் வாங்கிவிட வேண்டும்.

கேட்பதைக் காலை ஸ்டேண்ட்-அப்பில் எல்லார் முன்னாலும் கேட்க வேண்டாம். தனியாக ஒரு மெசேஜ் போதும்:

"வியாழன் காலை 9.30 முதல் 1 மணி வரை அந்த டீமின் இன்டர்வியூ பேனலில் உட்காரக் கேட்டிருக்கிறார்கள். 3 பேர், ஜாவா முதல் சுற்று. உங்களைக் கேட்டுவிட்டுச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறேன். என்னிடம் மிச்சமிருப்பது பேமென்ட் பிழை ஒன்றுதான், புதன்கிழமை ரிவ்யூவுக்குப் போய்விடும். காலையில் டெஸ்டிங்கில் ஏதாவது வந்தால் யார் பார்ப்பது என்று கார்த்தியிடம் பேசிவிட்டேன், அவர் சம்மதம். டைம்ஷீட்டில் அந்த நேரம் அவர்கள் கணக்கில் போகும். செவ்வாய்க்குள் சொன்னால் அவர்கள் வேறு ஆள் பார்க்க வசதி. போகலாமா?"

இதில் கார்த்தி என்ற இடத்தில் வருபவரிடம் நிஜமாகவே முதலில் பேசியிருக்க வேண்டும். பேசாமல் பெயரைப் போட்டால், மேனேஜர் அவரைக் கேட்கும்போது எல்லாம் கெட்டுவிடும்.

தாவப் பார்ப்பதாக நினைப்பாரோ என்ற பயத்துக்கு, "பேனலுக்கு மட்டும்தான், மாறும் எண்ணம் இல்லை" என்று நேரில் ஒரு வாக்கியம் சொன்னால் போதும். அது உண்மையாக இருந்தால் மட்டும் சொல்லுங்கள். மாறும் ஆசை இருந்தால் அதைத் தனியாக, வேறொரு நாளில் பேசுவதே நல்லது. நீங்கள் மார்க் போட்டு ஆள் எடுத்துக் கொடுத்த டீமுக்கே இரண்டு மாதத்தில் விண்ணப்பித்தால், இன்று சொன்ன வாக்கியம் அன்றைக்கு உங்களுக்கு எதிராக நிற்கும்.

"முடியாது" என்றால், நாள் இடிக்கிறதா, வேலை இடிக்கிறதா என்று கேளுங்கள். நாள்தான் இடிக்கிறது என்றால், ரிலீஸ் முடிந்தபின் வரும் அடுத்த இன்டர்வியூ நாளுக்கு இப்போதே சம்மதம் வாங்கலாம். வேலை இடிக்கிறது என்றால் வற்புறுத்த வேண்டாம். கோடிங் டெஸ்ட் விடைத்தாள்களை வேலை நேரம் போக ஒரு மணி நேரம் திருத்திக் கொடுக்கட்டுமா என்று மட்டும் கேட்டுப் பாருங்கள்.

எந்தப் பதில் வந்தாலும் அன்றைக்கே அந்த டீமுக்குச் சொல்லிவிடுங்கள். வியாழன் காலையில் நீங்கள் வரவில்லை என்றால், தாம்பரத்திலிருந்தும் ஆவடியிலிருந்தும் லீவு போட்டு வந்த 3 பேர் ரிசப்ஷனில் காத்துக் கிடப்பார்கள்.