ரீபேலன்சிங் நின்றுபோனால் வாடிக்கையாளருக்கு என்ன எழுதுவது

கேள்வி: விலை டேட்டா சரியாக வராததால் பங்கையும் பத்திரத்தையும் குறித்த விகிதத்துக்குத் திரும்பக் கொண்டுவர விற்று வாங்கும் எங்கள் தானியங்கி ரீபேலன்சிங் பாதியில் நின்றுவிட்டது. வாடிக்கையாளர்களுக்குக் கடிதம் எழுதும் வேலை என் தலையில். எதைச் சொல்வது, எவ்வளவு சொல்வது?

இங்கே சிங்கப்பூரில் ஒரு முதலீட்டு நிறுவனத்தில் இதே கடிதத்தை எழுதி வாங்கிக் கட்டிக்கொண்டவன் நான். "தொழில்நுட்பக் காரணங்களால் தற்காலிகமாக நிறுத்தியுள்ளோம், உங்கள் பணம் பத்திரமாக உள்ளது" என்று நாலு வரி எழுதி அனுப்பினோம். மறுநாள் காலையிலேயே, பணி ஓய்வு பெற்ற ஒரு அம்மா போன் செய்தார். "தம்பி, கணக்கில் வித்ததுதான் தெரியுது, வாங்கினது தெரியலையே. மீதிக் காசு எங்கே?" அவர் கேட்ட அந்த ஒன்றுக்குத்தான் என் கடிதத்தில் பதில் இல்லை.

எங்களுக்கு நடந்தது இதுதான். அமெரிக்கச் சந்தை கோடைக்காலத்தில் நம் நேரப்படி இரவு 9.30க்குத் திறந்து விடிகாலை 4 மணிக்கு மூடும், அதன் பிறகு காலையில் விலைக் கோப்பு வரும். அந்த வியாழக்கிழமையும் கோப்பு நேரத்துக்கு வந்தது, அளவும் வழக்கம்போல்தான், ஆனால் உள்ளே இருந்த தேதி புதன் இல்லை, செவ்வாய். கோப்பே வராமல் போயிருந்தால் எல்லாருக்கும் உடனே தெரிந்திருக்கும். பழைய விலை புதுச் சட்டை போட்டுக்கொண்டு வரும்போதுதான் வம்பு. விலைத் தேதி கடைசி வர்த்தக நாளோடு பொருந்துகிறதா என்று பார்க்கும் ஒரு சோதனை இருந்ததால் ரீபேலன்சிங் ரொட்டீன் தானாக நின்றது. (இதே சோதனை அமெரிக்க விடுமுறை நாள்களில் சும்மா சும்மா அலறும், ஆகவே முதலில் காலண்டரைப் பாருங்கள்.)

ஏன் நிறுத்தினோம் என்பதை ஒரு கணக்கோடு எழுதினால் யாருக்கும் புரியும். 60க்கு 40 என்று பங்கும் பத்திரமும், பங்கு 65 சதவீதத்தைத் தாண்டினால் விற்று 60க்குக் கொண்டுவர வேண்டும் என்பது விதி. ஒரு கணக்கில் செவ்வாய் விலைப்படி பங்கு 26,100 வெள்ளி, பத்திரம் 13,900. பங்கின் விகிதம் 65.25 சதவீதம், அதாவது 2,100 வெள்ளிக்கு விற்கச் சொல்லும். ஆனால் புதனன்று பங்கு 2 சதவீதம் இறங்கியிருந்தது. உண்மை மதிப்பு 25,578, சதவீதம் 64.8. விற்கவே தேவையில்லை! பழைய விலையை நம்பியிருந்தால், இறங்கின பிறகு காரணமே இல்லாமல் விற்றிருப்போம்.

சரி, இது ரொட்டீன் இன்னும் தொடாத கணக்குகளுக்கு. அவர்களுக்கு "ஒன்றும் விற்கவில்லை, ஒன்றும் வாங்கவில்லை, சரியான விலை வந்ததும் மறுபடி கணக்குப் பார்ப்போம்" என்ற மூன்று வரி போதும். சிக்கல் பாதியில் நிற்கிற கணக்குகள்தான். 2024 மே 28 முதல் அமெரிக்காவில் விற்ற பணம் அடுத்த வேலை நாளில் கைக்கு வருகிறது, அதனால் எங்கள் ரொட்டீன் ஒரு இரவு விற்று அடுத்த இரவு வாங்கும். புதன் இரவு விற்றாயிற்று, வியாழன் இரவு வாங்குவது நின்றுபோயிற்று, நடுவில் காசு சும்மா கிடக்கிறது. அந்த அம்மாவுடையது அப்படி 1,800 வெள்ளி.

இவர்களுக்குத் தனிக் கடிதம் போடுங்கள், பொதுக் கடிதத்தில் ஒரு பத்தியாகச் சொருகாதீர்கள். நான் இரண்டாவது தடவை எழுதினது ஏறக்குறைய இப்படி:

"புதன் இரவு உங்கள் கணக்கில் 1,800 வெள்ளிக்குப் பங்கு நிதி விற்கப்பட்டது. வியாழன் இரவு வாங்க வேண்டிய பத்திர நிதி வாங்கப்படவில்லை, ஏனென்றால் எங்களுக்கு வந்த விலைகள் ஒரு நாள் பழையவை. அந்தத் தொகை உங்கள் கணக்கிலேயே ரொக்கமாக உள்ளது. வெள்ளிக்கிழமை இரவு வாங்குவோம். தாமதத்தால் நீங்கள் கூடுதல் விலை கொடுக்க நேர்ந்தால் வித்தியாசத்தை நாங்கள் தருவோம். நீங்கள் எதுவும் செய்ய வேண்டியதில்லை."

கடைசிக்கு முந்தின வரியை மேலிடத்தில் கேட்டு, சரி என்று எழுத்தில் வாங்கின பிறகே போடுங்கள். தொகை பெரும்பாலும் சின்னதாகத்தான் வரும். பத்திர நிதி அந்த ஒரு நாளில் 0.4 சதவீதம் ஏறியது, 1,800க்கு 7 வெள்ளி 20 காசு.

"டேட்டா கொடுப்பவர் தவறு" என்று பழி போடாதீர்கள், வாடிக்கையாளர் காசு கொடுப்பது உங்களுக்கு. "உங்கள் நலன் கருதி நிறுத்தினோம்" என்பதும் வேண்டாம், பாதியில் நிற்பவருக்கு அதைப் படித்தால் எரிச்சல்தான் வரும். அப்புறம், அனுப்புவதற்கு முன் கம்ப்ளையன்ஸ் ஆட்களிடம் பேசிவிடுங்கள்: பாதிப்பு கடுமையானது என்றால் கண்டுபிடித்த ஒரு மணி நேரத்துக்குள் நாணய ஆணையத்துக்குத் தெரிவிக்க வேண்டியிருக்கும், அந்தக் கடிகாரம் உங்கள் கடிதத்துக்காகக் காத்திருக்காது.

வாங்கி முடிந்ததும் இன்னொரு கடிதம் போட வேண்டும், பலர் இதை விட்டுவிடுகிறார்கள். நாங்கள் திங்கட்கிழமை போட்டோம், இரண்டே வரி: என்ன விலைக்கு வாங்கினோம், 7.20 என்று உங்கள் கணக்கில் சேர்ந்தது. அந்த அம்மா அதற்கும் போன் செய்தார், 20 காசு வரைக்கும் சரியாக இருக்கிறது என்று சொல்ல.