டேட்டா அனலிஸ்ட் வேலைக்கு மாற முயன்று திரும்பத் திரும்ப 'ரிஜெக்ட்' ஆகிறவர்களுக்கு: கேள்வி பதில்

(பதில் சொல்பவர் டேட்டா டீம் லீட், இந்த வேலைக்கு ஆள் எடுப்பவர்.)

கேள்வி: ஒரகடத்துல ஆட்டோ பார்ட்ஸ் கம்பெனியில நாலு வருஷமா குவாலிட்டி இன்ஸ்பெக்டர். டேட்டா அனலிஸ்ட் வேலைக்கு 70 இடத்துல அப்ளை பண்ணிட்டேன். ரெண்டே ரெண்டு கால். ரெண்டும் போச்சு. இந்தத் துறை எனக்கு செட் ஆகாதுன்னு தோணுது அண்ணா.

பதில்: தம்பி, லைன்ல 70 பீஸ் ரிஜெக்ட் ஆனா மொத்தமா "மெட்டீரியல் சரியில்லை"ன்னு எழுதிடுவீங்களா? எந்த ஸ்டேஜ்ல போச்சுன்னு பிரிச்சுத்தானே பார்ப்பீங்க. இங்கேயும் அதையே செய்யணும். எக்செல்ல ஒரு ஷீட் போட்டு, ஒவ்வொரு கம்பெனிக்கும் எதிரே எங்கே நின்னுச்சுன்னு எழுதுங்க: கால் வரலை, போன்ல பேசினதோட முடிஞ்சது, டெக்னிக்கல் ரவுண்ட், ஹெச்.ஆர். ரவுண்ட். உங்க ஷீட்ல 68 வரிக்கு 'கால் வரலை'ன்னு வரும். அந்த 68 பேரும் உங்க SQL-ஐப் பார்க்கவே இல்லை. அதனால அந்த எண்ணிக்கையை வெச்சு உங்க திறமையைப் பத்தி எந்த முடிவுக்கும் வர முடியாது. ரெஸ்யூமேவைப் பத்தியும், அதை எங்கே அனுப்புறீங்கங்கறதைப் பத்தியும் மட்டும்தான் அது சொல்லுது.

ரெஸ்யூமேல "தினசரி தர ஆய்வு செய்தேன், அறிக்கை தயாரித்தேன்"னு இருந்தா, தேடுறவர் கண்ணுக்கு நீங்க இன்ஸ்பெக்டர்தான். நீங்க மாசாமாசம் செய்யறதை அப்படியே எழுதுங்க: "மூன்று லைன்களின் ரிஜெக்ஷன் விவரங்களை எக்செல் பிவட்டில் தொகுத்து, குறைவாரியாக பரேட்டோ சார்ட் போட்டு, வாராந்திர மீட்டிங்கில் பத்து லட்சம் பீஸுக்கு எத்தனை ரிஜெக்ட் என்ற PPM போக்கை விளக்கினேன்." பொய் ஒண்ணும் இல்லை. வேலை அதேதான், சொல்ற விதம்தான் வேற. கூடவே பக்கத்துப் பக்கத்துல ரெண்டு பத்தியா பிரிச்ச டிசைன் டெம்ப்ளேட்டைத் தூக்கிப் போட்டுட்டு, மேலிருந்து கீழா ஒரே பத்தியில எழுதுங்க. ரெஸ்யூமேவைப் படிக்கிற சாஃப்ட்வேர்கள் சில நேரம் ரெண்டு பத்தியையும் கலந்து படிச்சிடும்.

அடுத்தது, எங்கே அனுப்புறதுங்கறது. பேங்க், இ-காமர்ஸ்னு போனா நீங்க வெறும் ஃப்ரெஷர். உற்பத்தி, சப்ளை செயின் பக்கம் இருக்கிற அனலிஸ்ட் வேலைக்குப் போனா PPM-னா என்னன்னு உங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். வேலையை மாத்துங்க, துறையை இப்போ மாத்தாதீங்க. புது ரெஸ்யூமேவை இப்படிப்பட்ட 25 இடத்துக்கு அனுப்பிட்டு ரெண்டு வாரம் பொறுங்க. அந்த 25 முடியறவரைக்கும் ரெஸ்யூமேல கை வைக்காதீங்க. நடுவுல மாத்தினா எது வேலை செஞ்சதுன்னே தெரியாது.

அவரே மறுபடி: அந்த ரெண்டு காலும் SQL-லதான் போச்சு. நான் LEFT JOIN சரியாத்தான் போட்டேன். வேணும்னே மடக்குற மாதிரி இருந்தது.

பதில்: நீங்க எழுதினது அனேகமா இப்படி இருக்கும்:

```sql
SELECT c.name, o.amount
FROM customers c
LEFT JOIN orders o
  ON o.customer_id = c.id
WHERE o.order_date >= '2024-01-01';
```

ஆர்டரே போடாத கஸ்டமரும் லிஸ்ட்ல வரணும்னுதானே LEFT JOIN போடறோம். அவங்களுக்கு `order_date` இடத்துல NULL இருக்கும். அது WHERE-ல தேறாது, அந்த வரியே காணாமப் போயிடும். கடைசியில INNER JOIN போட்ட கதைதான். தேதி நிபந்தனையை `AND` போட்டு ON பக்கம் நகர்த்தணும். இது மடக்குற கேள்வி இல்லை. நிஜ ரிப்போர்ட்ல இந்தத் தப்பு நடந்தா எந்த எர்ரரும் வராது, எண்ணிக்கை மட்டும் குறைஞ்சு நிக்கும். அதனாலதான் கேட்கறாங்க. ரெண்டு இடத்திலேயும் ஒரே கேள்வியில நின்னிருந்தா நல்லதுதான், சரி பண்ண வேண்டியது ஒரே ஒரு விஷயம். இன்டர்வியூ முடிஞ்ச ஒரு மணி நேரத்துக்குள்ள கேட்ட கேள்விகளை எழுதி வெச்சிடுங்க. மறுநாள் மனசுல "சொதப்பிட்டேன்"ங்கறது மட்டும்தான் மிஞ்சும்.

கேள்வி: மேத்ஸ் டீச்சரா ஆறு வருஷம், அப்புறம் குழந்தைக்காக ரெண்டு வருஷ கேப். டெக்னிக்கல் ரவுண்டெல்லாம் தாண்டிடறேன் சார். ஹெச்.ஆர். பேசினதுக்கு அப்புறம் சத்தமே இல்லை. நாலு தடவை ஆச்சு. இன்னொரு கோர்ஸ் சேரலாமா?

பதில்: வேண்டாம் மேடம். டெக்னிக்கல் ரவுண்டை நாலு தடவை தாண்டினவங்களுக்கு கோர்ஸால ஆகப்போறது எதுவும் இல்லை. இந்தக் கட்டத்துல நிக்கறதுக்கு வழக்கமான காரணம் சம்பளம், கேப்புக்குச் சொல்ற பதில், இல்லேன்னா அந்த இடமே நிறுத்தி வைக்கப்பட்டிருக்கும். மூணாவதுக்கு நீங்க பொறுப்பே இல்லை.

எதுன்னு தெரிஞ்சுக்க ஹெச்.ஆருக்கு ஒரு மெயில் போடுங்க. "ஃபீட்பேக் சொல்லுங்க"ன்னு கேட்டா பதில் வராது. "நான் கேட்ட சம்பளம் உங்கள் வரம்பைத் தாண்டியதா, அல்லது இந்த இடம் இப்போது நிரப்பப்படவில்லையா?"ன்னு கேளுங்க. ஒரு வார்த்தையில பதில் சொல்ல முடியற கேள்விக்கு ஆளுங்க பதில் போடறாங்க. கேப்பைப் பத்திக் கேட்டா ரெண்டே வாக்கியம் போதும்: குழந்தை வளர்ப்புக்காக நிறுத்தினேன், இப்போ முழுநேர வேலைக்கு ஏற்பாடு செஞ்சாச்சு. அதோட நிறுத்துங்க. நீளமா விளக்க ஆரம்பிச்சா அடுத்த கேள்விக்கு நீங்களே வழி விடறீங்க.

கேள்வி: இதெல்லாம் எதுக்குங்க? ரெஃபரல் இல்லாம அப்ளை பண்றதே வேஸ்ட். ரெஃபரல் புடிச்சா முடிஞ்சுது.

பதில்: பாதி சரி. ரெஃபரல் ரெஸ்யூமேவைத் திறக்க வைக்கும், அதனால 'கால் வரலை'ன்னு நிக்கிறவருக்கு நல்ல மருந்து. டெக்னிக்கல்ல நிக்கிறவருக்கு அதுவே கெடுதலாகலாம். ஒரு தடவை விழுந்தா ஆறு மாசம் திரும்ப வர முடியாதுன்னு பல கம்பெனிகள் விதி வெச்சிருக்கு. தயாராகாம போனா அந்த வாய்ப்பும் போகும், சொல்லிவிட்டவரை மறுபடி கேட்கவும் கூச்சமா இருக்கும். கேட்கும்போது வேலையோட ஐடி நம்பர், நீங்க ஏன் பொருந்துவீங்கன்னு மூணு வரி, ரெஸ்யூமே, இது மூணையும் ஒரே மெசேஜ்ல அனுப்புங்க.

கேள்வி: ப்ரோ, ஒரு கன்சல்டன்சியில ரெண்டு வருஷ எக்ஸ்பீரியன்ஸ் லெட்டர் தர்றேங்கறாங்க. அதைப் போட்டா ரிஜெக்ஷன் குறையுமா?

பதில்: கால் வரலாம். ஆனா அதுக்கப்புறம் பேக்ரவுண்ட் வெரிஃபிகேஷன்ல உங்க PF கணக்கோட UAN நம்பர்ல இருக்கிற சர்வீஸ் ஹிஸ்டரி கேட்பாங்க. எந்த நிறுவனத்துல எப்போ சேர்ந்தீங்க, எப்போ விலகினீங்கன்னு அதுல இருக்கும். ஆஃபர் ரத்தாகும், சேர்ந்த பிறகு தெரிஞ்சா வேலையே போகும். தயவுசெஞ்சு அந்தப் பக்கம் போகாதீங்க.

இன்னொருவர்: சின்ன கம்பெனின்னா PF-ஏ கிடையாதே, எப்படித் தெரியும்?

பதில்: சம்பளம் வரவு வெச்ச பேங்க் ஸ்டேட்மெண்ட் கேட்பாங்க. சம்பளத்துல பிடிச்ச வருமான வரியைக் காட்டற 26AS-ம் கேட்கலாம்.

கேள்வி: எத்தனை மாசம் பார்த்துட்டு விட்டுடணும்?

பதில்: மாசக் கணக்கை விட, நிக்கிற கட்டம் நகருதான்னு பாருங்க. முன்னே கால் வரலை, இப்போ டெக்னிக்கல் வரைக்கும் போறீங்கன்னா வேலை கிடைக்கலேன்னாலும் தொடரலாம். ரெஸ்யூமேவையும் அனுப்புற இடத்தையும் ரெண்டு தடவை மாத்தி, ஒவ்வொரு தடவையும் 25 இடம் பார்த்தும் அதே கட்டத்துலயே நின்னா, பக்கத்து வேலையைப் பாருங்க: MIS எக்சிகியூட்டிவ், குவாலிட்டி டேட்டா, பிளானிங். அங்கேயும் எக்செல்லும் SQL-ம் கையில இருக்கும், ஒரு வருஷம் கழிச்சு அனலிஸ்டுக்கு மறுபடி முயற்சி பண்ணலாம். இந்த வரம்பை இன்னிக்கே ஷீட்டோட மேல எழுதி வெச்சிடுங்க. ரிஜெக்ட் மெயில் வந்த ராத்திரி உட்கார்ந்து முடிவு பண்ணாதீங்க.

முதலில் கேட்டவர்: எனக்கு 90 நாள் நோட்டீஸ் பீரியட் அண்ணா. உடனே சேர்றவங்கதான் வேணும்கறாங்க. ரிசைன் பண்ணிடட்டுமா?

வேறொருவர்: பண்ணிடுங்க. என் தங்கச்சி பேப்பர் போட்ட அப்புறம்தான் கால் வர ஆரம்பிச்சுது.

பதில்: அது நடக்கும், மறுக்கலை. ஆட்களைத் தேடும்போது நோட்டீஸ் பீரியடை வெச்சு வடிகட்டறாங்க. ஆனா இப்போதைக்கு உங்க ஷீட்ல நோட்டீஸ் பீரியடால போனதுன்னு ஒரு வரிகூட இல்லை. அப்படி நாலஞ்சு வரி சேர்ந்தா, ஆறு மாசச் செலவுக்குக் கையில காசும் இருந்தா, அப்போ மறுபடி பேசலாம். அதுக்கு முன்னாடி நோட்டீஸ் நாட்களுக்குப் பணம் கட்டிச் சீக்கிரம் விலக உங்க கம்பெனி விடுமான்னு அப்பாயின்ட்மெண்ட் ஆர்டரை எடுத்துப் பாருங்க.